பெட்டிக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, டொமைன் வேறொருவர் கையில்

கேள்வி: ஐயா, ஆம்பூரில் தோல் செருப்பும் ஷூவும் தயாரித்து ஆன்லைனில் விற்கப் போகிறேன். ‘நடைவழி’ என்று பெயர் வைத்து, 1,500 அட்டைப் பெட்டிக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் nadaivazhi.com வேறு ஒருவரிடம் இருக்கிறது, 1.80 லட்சம் கேட்கிறார். இன்ஸ்டாகிராமிலும் அந்தப் பெயர் போய்விட்டது. அந்தக் கணக்கில் மூன்று வருஷமாக ஒரு போட்டோகூட இல்லை. கேஸ் போட்டு இரண்டையும் வாங்க முடியுமா? (கேள்வியில் இருந்த பெயர் மாற்றப்பட்டுள்ளது.)

பதில்: முடியாது. முதலில் அச்சகத்துக்குப் போன் போட்டு, பிளேட் போட வேண்டாம், ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள் என்று சொல்லிவிட்டு மீதியைப் படியுங்கள்.

.com பெயர்த் தகராறுகள் யு.டி.ஆர்.பி என்ற விதிமுறைப்படியும், .in தகராறுகள் நிக்ஸி அமைப்பின் ஐ.என்.டி.ஆர்.பி விதிமுறைப்படியும் நடக்கின்றன. இரண்டிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: அந்தப் பெயரில் உங்களுக்கு என்ன உரிமை? நீங்கள் இன்னும் ஒரு ஜோடிகூட விற்கவில்லை, ட்ரேட்மார்க்கும் இல்லை. இன்று ட்ரேட்மார்க் விண்ணப்பம் போட்டாலும் இந்தத் தகராறுக்குப் பயனில்லை. உங்களுக்கு உரிமை வருவதற்கு முன்பே .com பெயரைப் பதிவு செய்தவர், உங்களை ஏமாற்றும் நோக்கத்தோடு பதிவு செய்தார் என்று பொதுவாக நிரூபிக்கவே முடியாது. இந்தப் புகார்களை விசாரிக்கும் உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒரு நடுவர் விசாரிக்கும் புகாருக்கான கட்டணம் மட்டும் 1,500 டாலர், அதாவது ஒன்றேகால் லட்சம் ரூபாயைத் தாண்டும். தோற்கப் போகும் வழக்குக்கு அந்தப் பணம் வேண்டாம். 2004-இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் டொமைன் பெயருக்கும் ட்ரேட்மார்க் போன்ற பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு, பெயரைப் புழங்கி நல்ல பேர் சம்பாதித்தவருக்கு. உங்கள் வியாபாரம் இனிமேல்தான் அதைச் சம்பாதிக்க வேண்டும்.

டொமைன் கிடைக்கவில்லை என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்றை நீங்கள் இன்னும் கேட்கவில்லை. இந்தப் பெயரில் வேறு யாராவது செருப்பு விற்கிறார்களா? டொமைன் காலியாக இருந்தால் பெயர் உங்களுக்கு என்று அர்த்தமில்லை; டொமைன் போய்விட்டதால் பெயரே போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. இரண்டும் தனித்தனிக் கணக்கு. tmrsearch.ipindia.gov.in தளத்தில் ட்ரேட்மார்க் தேடல் இலவசம். காலணிக்கு வகுப்பு 25, தோல் பை, பர்ஸுக்கு வகுப்பு 18. இரண்டிலும் எழுத்தை வைத்துத் தேடுங்கள், பிறகு அதே பக்கத்தில் உள்ள ஒலிவழித் தேடலையும் செய்யுங்கள். சட்டம் எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை, காதில் விழுவதையும் பார்க்கிறது. ஒருவர் ‘Nadaivazi’ என்று வகுப்பு 25-இல் பதிவு செய்திருந்தால், ஒரு h சேர்த்து நீங்கள் தப்பிக்க முடியாது. டொமைன் கிடைக்கும், நோட்டீஸும் வரும். ‘கைவிடப்பட்டது’ என்று இருக்கும் விண்ணப்பத்தையும் திறந்து பாருங்கள். விண்ணப்பத்தைக் கைவிட்டவர் கடையை மூடியிருக்க வேண்டும் என்பதில்லை. உங்களுக்கு முன்பிருந்தே அந்தப் பெயரைப் புழங்கி வருபவருக்கு, பதிவு இல்லாவிட்டாலும் பாதுகாப்பு உண்டு.

இந்தத் தேடலில் செருப்பு வகையில் ஒத்த ஒலி கிடைத்தால், அட்வான்ஸ் போனாலும் போகட்டும், பெயரை விடுங்கள். எதுவும் கிடைக்கவில்லை என்றால் டொமைனுக்கு வரலாம். டொமைன் பதிவு விவரத்தைப் பார்க்க, கணினியின் டெர்மினலில் இந்த இரண்டு கட்டளைகளையும் அடியுங்கள்:

```
whois nadaivazhi.com
whois nadaivazhi.in
```

இதில் உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். ‘Creation Date’, ‘Registry Expiry Date’ என்ற இரண்டு வரிகள் போதும். காலாவதித் தேதி அடுத்த மாதம் என்று பார்த்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். .com முடிந்த பிறகும் 45 நாள் வரை புதுப்பிக்கும் அவகாசம் கிடைக்கலாம், அதன்பின் 30 நாள் மீட்பு அவகாசம், அதன்பின் நீக்கத்துக்கு 5 நாள். இவ்வளவும் கழிந்துதான் பெயர் வெளியே வரும். வரும் நொடியில் பிடிக்க ஆட்கள் காத்திருப்பார்கள்.

அடுத்து அந்த .com முகவரியைத் திறந்து பாருங்கள். அதில் செருப்புக் கடை ஓடினால், மேலே சொன்னதுபோல் பெயரையே விடுங்கள். ‘விற்பனைக்கு’ என்று மட்டும் இருந்தால், என் யோசனை .in-ஐ வாங்குவதுதான். உள்நாட்டில் செருப்பு விற்க அது போதும், வருடச் செலவும் சொற்பம். .com தான் வேண்டும் என்றால் பேரம் பேசலாம், ஆனால் கடைப் பெயரையோ பெட்டி அடித்த கதையையோ சொல்லாதீர்கள்; விலை ஏறும். பணத்தை யு.பி.ஐ-யில் நேராக அனுப்பாமல், டொமைன் உங்கள் கணக்குக்கு மாறும்வரை பணத்தைப் பிடித்து வைத்திருக்கும் எஸ்க்ரோ சேவை வழியாக மட்டும் கொடுங்கள்.

உங்கள் பெயரில் ‘ழ’ இருப்பதால் ஒரு எச்சரிக்கை. ‘நடைவழி’ என்று போனில் சொன்னால் பாதிப் பேர் nadaivali என்றுதான் அடிப்பார்கள். அதைத் திரும்பத் தமிழில் வாசித்தால் நடை வலி! செருப்புக்கு இதைவிட மோசமான பெயர் கிடைக்காது. .com போன வருத்தத்தில் எழுத்தை மாற்றி இதையே கடை முகவரியாக வைத்துவிடாதீர்கள். தெரிந்த பத்துப் பேரிடம் பெயரைப் போனில் சொல்லி, வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் அடித்து அனுப்பச் சொல்லுங்கள். எந்தத் தவறு அதிகம் வருகிறதோ அந்த .in-ஐயும் வாங்கி, உங்கள் சரியான முகவரிக்குத் திருப்பி விடுங்கள். ஆனால் அந்தத் தவறான எழுத்தைப் பெட்டியில் அச்சடிக்காதீர்கள்.

இன்ஸ்டாகிராம் கணக்கு தூங்குகிறது என்பது காரணமாகாது. அவர்களுடைய ட்ரேட்மார்க் புகார் படிவம், உங்கள் மார்க்கைப் பயன்படுத்தி மக்களைக் குழப்புபவருக்கு எதிரானது. சும்மா பெயரைப் பிடித்து வைத்திருப்பவருக்கு எதிரானது அல்ல. காசு கொடுத்து அந்த ஐடியை வாங்குவதும் அவர்களுடைய விதிக்கு விரோதம், கணக்கு முடங்கினால் கேட்க வழியில்லை. எல்லாத் தளத்திலும் ஒரே மாதிரி இருக்கும் பெயராகப் பாருங்கள். nadaivazhishoes சரியாக 15 எழுத்து. எக்ஸ் தளத்தின் வரம்பும் 15 தான். புள்ளியும் அடிக்கோடும் இல்லாததால் ஃபேஸ்புக்கும் ஏற்கும். இன்றைக்கே எல்லா இடத்திலும் அதைப் பிடித்து வையுங்கள்.

இவற்றையெல்லாம் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். வெப்சைட் செய்து தரும் தம்பியே டொமைனையும் எடுத்துக் கொடுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. ரெக்கார்டில் அவர்தான் உரிமையாளர் என்று இருக்கும். மனஸ்தாபம் வந்தால் வழக்கு உங்களுக்கும் அவருக்கும்தான்.

அதோடு ட்ரேட்மார்க் விண்ணப்பம், டி.எம்.-ஏ படிவம். தனிநபருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். 25, 18 இரண்டுக்கும் 9,000. இன்னும் விற்பனை தொடங்காததால் ‘பயன்படுத்த உத்தேசம்’ என்று குறிப்பிடுங்கள், பழைய தேதி எதையும் போடாதீர்கள். உத்யம், ஜி.எஸ்.டி சான்றிதழில் கடைப் பெயர் இருப்பது அந்தப் பெயருக்கு உரிமை தராது.

இதெல்லாம் முடிந்ததும் அச்சகத்துக்குச் சொல்லுங்கள்: பெட்டியில் nadaivazhi.in, பெயருக்குப் பக்கத்தில் TM. வட்டத்துக்குள் R போட்ட ® குறி பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான். அதற்கு முன் போடுவது சட்டப்படி குற்றம்.