குடலுறிஞ்சி தட்டையானால் எது உள்ளே போகாது? – கேள்வி பதில்

பிரவீன்: சிறுகுடலின் உறிஞ்சும் பரப்பு 600 மடங்கு பெருகுகிறது, விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று படித்திருக்கிறேன். சரிதானே?

பழைய கணக்கு அதுதான். மடிப்புகளால் 3 மடங்கு, விரல் போன்ற குடலுறிஞ்சிகளால் 10, அவற்றின் செல்கள் மேல் நிற்கும் நுண்ணுறிஞ்சிகளால் 20, பெருக்கினால் 600. பரப்பு மூன்று படிகளில் பெருகுகிறது என்பது வரை சரி. எண்கள்தான் ஊதிப்போனவை. 2014-இல் ஹெலாண்டர், ஃபாண்ட்ரிக்ஸ் என்ற இரு ஸ்வீடன் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் மறுபடி அளந்தபோது மடிப்புகள் 1.6, உறிஞ்சிகள் 6.5, நுண்ணுறிஞ்சிகள் 13 என்றுதான் வந்தது.

போட்டுப் பார்க்கலாம். உயிருள்ளவரின் சிறுகுடலை 3 மீட்டர் நீளம், 2.5 செ.மீ. விட்டம் கொண்ட வழவழப்பான குழாய் என்று வைத்தால் உட்பரப்பு சுமார் 0.24 சதுர மீட்டர். அதை 1.6, 6.5, 13 ஆகியவற்றால் பெருக்கினால் ஏறக்குறைய 32. மைதானம் வேண்டாம், ஒரு நல்ல ஹால் அளவு போதும்.

ஷாலினி: உறிஞ்சிகள் அசைந்து அசைந்து உணவைத் தள்ளிக்கொண்டு போகும் என்று நினைத்திருந்தேன். நுண்ணுறிஞ்சிகளும் அப்படித்தானா?

தள்ளுவது குடல் சுவரின் தசை வேலை. நீங்கள் சொல்வது மூச்சுக்குழாயில் இருக்கும் குறுயிழைகளின் குணம். குடலுறிஞ்சி என்பது அரை முதல் ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள, விரல் போன்ற திசுப் புடைப்பு. நடுவில் ரத்த நுண்குழாய்களும் ஒரு நிணநீர்க் குழலும் ஓடும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் ரத்தத்தில் போகும், கொழுப்பில் பெரும்பகுதி நிணநீரில் போகும். உள்ளே மெல்லிய தசை இழை இருப்பதால் உறிஞ்சி அவ்வப்போது சுருங்கும், நிணநீர் மேலேற அது உதவும்.

நுண்ணுறிஞ்சி வேறு அளவுகோல். அது திசு அல்ல, ஒரே செல்லின் மேல்சவ்வு நீட்டிக்கொண்ட குச்சி. உயரம் சுமார் 1 மைக்ரான், தடிமன் 0.1 மைக்ரான். ஒரு செல்லில் 3000 வரை இருக்கலாம். உள்ளே ஆக்டின் இழைகள் கட்டாக நின்று அதைத் தாங்குகின்றன. பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் போன்ற நொதிகளும், சத்தை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதங்களும் இந்தச் சவ்வில்தான் பதிந்திருக்கின்றன.

பிரவீன்: அப்படியானால் உறிஞ்சி தட்டையானதும் பரப்பு பத்தில் ஒன்றாகி, எல்லாச் சத்தும் சேர்ந்து குறையுமா?

அங்கேதான் கணக்கு ஏமாற்றும். கோதுமையில் உள்ள குளூட்டன் தூண்டும் தன்னெதிர்ப்பு நோயான சீலியாக்கில் முதல் 60 செ.மீ. மட்டும் முழுதும் தட்டையாகிவிட்டது என்று கொள்ளுங்கள். நீளத்தில் ஐந்தில் ஒன்று, அதன் பங்கு சுமார் 6.4 சதுர மீட்டர். உறிஞ்சிகள் போனதும் 6.5-ஆல் வகுக்க, 1 தான் மிச்சம். மேலே நிற்கும் செல்களின் நுண்ணுறிஞ்சிகளும் பாதியாகக் குட்டையாகிவிட்டால் 13 மடங்கு 7 ஆகும், அந்த 1-உம் அரையாகும். அந்தத் துண்டில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் நிற்கிறது. மொத்தத்தில் பார்த்தால் 32-இல் 26 பத்திரமாக இருக்கிறது. (பரப்பு எங்கும் ஒரே சீராக இருப்பதாக வைத்த கணக்கு இது. உண்மையில் மேல்பகுதியில் உறிஞ்சிகள் உயரம், எனவே இழப்பு இன்னும் சற்று கூடும்.)

சர்க்கரைக்கும் புரதத்துக்கும் கீழே இடம் இருக்கிறது, சமாளித்துவிடும். பி12 கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படுவதால் பலருக்குத் தப்பிக்கும். இரும்புக்கு அந்த வசதி இல்லை. அதன் கடத்திகள் பெரும்பாலும் முன்சிறுகுடலில்தான், அது வெறும் 25 செ.மீ. போல. நோய் மோசமாகத் தாக்குவதும் அங்கேயேதான். வயிற்றுப்போக்கே இல்லாமல் ரத்தசோகை மட்டும் தலைகாட்டுவது இதனால்தான். ஃபோலேட்டும் கால்சியமும் இதே வரிசையில் அடிபடும்.

மீனாட்சி: எனக்கு இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6, ஹீமோகுளோபின் 9.4. மூன்று மாதம் இரும்பு மாத்திரை எடுத்தும் அசையவில்லை. பயாப்ஸியில் மார்ஷ் 3பி என்று வந்திருக்கிறது. பால் குடித்தாலும் வயிறு உப்புகிறது. குளூட்டனை இப்போதுதான் நிறுத்தினேன். மாத்திரை இனி வேலை செய்யுமா?

சேதத்தைத் தரம் பிரிக்கும் மார்ஷ் அளவுகோலில் 3பி என்றால் உறிஞ்சிகள் வெகுவாகக் குட்டையாகியும் முழுதும் மறையாத நிலை. மாத்திரை இரும்பு உள்ளே போக முதிர்ந்த செல் வேண்டும். செல்கள் உறிஞ்சிகளுக்கு இடையே உள்ள குழியின் அடியில் பிறந்து, 3 முதல் 5 நாளில் உறிஞ்சியின் நுனிக்கு ஏறி உதிர்ந்துவிடும். ஏறும் வழியில்தான் நொதியும் கடத்தியும் முழுதாக வருகின்றன. உங்களுக்கு உதிர்வு வேகம். அதை ஈடுகட்டக் குழி ஆழமாகி அவசரமாகச் செல்களை அனுப்புகிறது, அவை பாதி முதிர்ந்த நிலையிலேயே மேலே வந்து நிற்கின்றன. பரப்பும் குறைவு, இருக்கும் பரப்பும் அரைகுறை. பால் பிரச்சினையும் இதுவே. லாக்டேஸ் முதிர்ந்த செல்லில்தான் நன்றாக இருக்கும், அதனால் முதலில் போகும், கடைசியில் திரும்பும். சில மாதங்களில் பலருக்குப் பால் மறுபடி ஒத்துக்கொள்ளும்.

செல்கள் வாரத்துக்குள் புதிதாகிவிடும், உறிஞ்சியின் உயரம் திரும்ப மாதங்கள் ஆகும். பெரியவர்களுக்கு ஒன்றிரண்டு வருடம் கூட ஆகலாம். மாத்திரை சேர்ந்தால் 3–4 வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் சிரை வழியாக ஏற்றும் இரும்பு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தக் கசிவு வேறெங்கும் இல்லை என்பதையும் அவர் உறுதி செய்யட்டும்.

ராகவன் (லேப் டெக்னீஷியன்): தட்டை என்று வரும் ரிப்போர்ட்டில் பாதி சாய்வாக வெட்டியதால் வருகிறது. இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

பாதி என்பது கொஞ்சம் கூடுதல், ஆனால் விஷயம் சரி. துண்டு பாராஃபின் மெழுகில் சாய்ந்து உட்கார்ந்தால் உயரமான உறிஞ்சியும் குட்டையாகத் தெரியும். ஸ்லைடைப் பார்த்ததும் குழிகளைத் தேடுங்கள். அவை நீளவாக்கில் சோதனைக் குழாய் போல நாலைந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வெட்டு நேர். வட்ட வட்டமாகத் தெரிந்தால் அந்த இடத்தில் உயரம் அளக்காதீர்கள், இன்னும் ஆழமாக வெட்டிப் பாருங்கள். நேரான இடத்தில் உறிஞ்சி 450 மைக்ரான், குழி 150 என்றால் விகிதம் 3, சரியானது. உறிஞ்சி 150, குழி 450 என்றால் தட்டைதான், சந்தேகம் வேண்டாம். மொத்த உயரம் இரண்டிலும் 600-தான்! தட்டையான சளிச்சவ்வு எப்போதும் மெலிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

துண்டுகள் முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியிலிருந்து குறைந்தது 4, தொடக்கக் குமிழிலிருந்து 1 அல்லது 2 வேண்டும். சேதம் திட்டுத் திட்டாக இருக்கும்.

நசீர்: என் அண்ணனுக்கு உறிஞ்சி முழுதும் தட்டை, ஆனால் ஒரு தொந்தரவும் இல்லை. குறைந்த நீளம்தான் பாதித்திருக்கும் என்பது காரணமா?

அது ஒரு பகுதிக் காரணமாக இருக்கலாம். ஆனால் கேப்ஸூல் கேமராவில் பார்க்கும்போது பாதித்த நீளமும் தொந்தரவின் அளவும் ஒத்துப்போவதில்லை. கீழ்ப்பகுதி எவ்வளவு ஈடுகட்டுகிறது என்பது ஆளுக்கு ஆள் ஏன் வேறுபடுகிறது என்று இன்னும் தெளிவாகத் தெரியாது. தொந்தரவு இல்லை என்று ஃபெரிட்டின், ஃபோலேட், எலும்பு அடர்த்தி பார்க்காமல் விடாதீர்கள்.

இன்னொன்று, தட்டை என்றாலே சீலியாக் அல்ல. ரத்தத்தில் சீலியாக்கைக் காட்டும் டிடிஜி எதிர்ப்பொருள் இருந்ததா? அது சேர்ந்த ஐஜிஏ வகை எதிர்ப்பொருளே மொத்தத்தில் குறைவாக இருந்தால் அந்தச் சோதனை பொய்யாக நெகட்டிவ் வரும், இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். உண்மையிலேயே நெகட்டிவ் என்றால் ஜியார்டியா தொற்றும் ஓல்மெசார்ட்டன் என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரையும் இதே படத்தைக் காட்டும். அண்ணன் அந்த மாத்திரை எடுக்கிறாரா?

நசீர்: மாத்திரை ஒன்று எடுக்கிறார், பெயர் பார்த்துச் சொல்கிறேன்.

சொல்லுங்கள். அதுவரை அவராக நிறுத்த வேண்டாம், குளூட்டனையும் விட வேண்டாம். சோதனை முடியாமல் விட்டால் எதிர்ப்பொருள் அளவு இறங்கிவிடும், பிறகு எதனால் தட்டையானது என்று பிரித்துச் சொல்வது கடினம்.