வரவில்லை என்று யாருக்குச் சொல்வது?

வணக்கம்.

எங்கள் கல்லூரி வகுப்பு நண்பர்கள் 25 வருடம் கழித்துத் திருச்சியில் கூடுகிறார்கள். ஏற்பாடு செய்யும் நண்பன் 46 பேருக்கு ஒரே மின்னஞ்சலில் அழைப்பு அனுப்பியிருக்கிறான். எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரிகிறது. ஐந்து பேர் ஏற்கெனவே "நான் வருகிறேன்" என்று எல்லோருக்குமாகப் பதில் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை மகளுக்குத் தேர்வு, அதனால் என்னால் போக முடியாது. அவனுக்கு மட்டும் எழுதினால் நான் கண்டுகொள்ளவே இல்லை என்று மற்றவர்கள் நினைப்பார்கள். எல்லோருக்கும் எழுதினால் ஆரம்பத்திலேயே அபசகுனமாகப் பேசியது போல் ஆகிவிடும். நான்கு நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன். எது சரி?

கே., கோயம்புத்தூர்

அன்புள்ள கே.,

அழைத்தவருக்கு மட்டும் எழுதுங்கள். இன்றைக்கே எழுதுங்கள். இதில் நீங்கள் செய்த ஒரே தப்பு அந்த நான்கு நாள்தான்.

"வரவில்லை" என்ற பதிலுக்குள் மூன்று சங்கதிகள் ஒன்றாகச் சுருட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஒன்று எண்ணிக்கை, அதாவது ஓர் ஆள் குறைகிறார். இன்னொன்று காரணம். மூன்றாவது, வர முடியாவிட்டாலும் உங்களையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்ற அன்பு. எண்ணிக்கை, சாப்பாட்டுக்குப் பணம் கட்டப்போகிறவருக்கு வேண்டும். காரணம் அவருக்கும்கூட ஒரு வரிக்கு மேல் வேண்டாம். அன்பு மட்டும்தான் எல்லோருக்கும் சொந்தமானது, அதை இப்போதே அனுப்பியாக வேண்டும் என்றில்லை. நீங்கள் மூன்றையும் ஒரே கடிதத்தில் போடப் பார்க்கிறீர்கள். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவருக்குப் பொருந்தாமல் போகிறது, அழிக்கிறீர்கள்.

சில வருடங்களுக்கு முன் நானே இப்படி ஒரு விருந்துக்கு ஏற்பாடு செய்து மாட்டிக்கொண்டேன். பழைய அலுவலக நண்பர்கள், என்னையும் சேர்த்து 38 பேர். எல்லோரையும் ஒரே வரியில் போட்டு அழைப்பை அனுப்பினேன். முதலில் வந்த பதிலே வர முடியாது என்றுதான். அதுவும் எல்லோருக்கும். அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை என்று விவரமாக எழுதியிருந்தார். நல்ல மனிதர், சும்மா வரவில்லை என்று சொன்னால் மரியாதையாக இருக்காது என்று நினைத்திருக்கிறார். அன்று இரவுக்குள் 11 பேர் அம்மா நலமடைய வேண்டும் என்று எல்லோருக்கும் எழுதினார்கள். ஒவ்வொன்றும் 37 பேருக்குப் போகும். ஆக 407 மின்னஞ்சல்கள், எல்லாம் ஒரு முழங்காலைப் பற்றி. ஒருவர் தன் மாமியாருக்குச் செய்த மருத்துவரைச் சிபாரிசு செய்தார். இன்னொருவர் அவரிடம் மட்டும் போய்விடாதீர்கள் என்றார். அப்புறம் நடந்ததை எழுதப்போவதில்லை.

தொந்தரவு அது அல்ல. மறுநாள் இரண்டு பேர், "எனக்கும் அன்றைக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்" என்று எழுதினார்கள். அவர்களுக்கு அதற்கு முன்பே கஷ்டம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். ஐந்து "வருகிறேன்" அவரை உள்ளே இழுக்கும். நடுவில் ஒரு "வரவில்லை" வந்தால், சரி, நாமும் சொல்லலாம் போலிருக்கிறதே என்று ஒரு கதவு திறக்கும். ஆகவே உங்கள் நண்பர்கள் ஐந்து பேர் எல்லோருக்கும் பதில் போட்டது நீங்களும் அப்படிச் செய்யக் காரணம் ஆகாது. அவர்கள் சொன்னதும் நீங்கள் சொல்லப்போவதும் ஒரே எடை உள்ளவை அல்ல.

கதையை முடிக்கிறேன். உணவகத்தில் மூன்று நாள் முன்னதாக உறுதியான எண்ணிக்கை கேட்டார்கள். அது வழக்கம்தான். சொன்ன எண்ணிக்கைக்குப் பணம் கட்ட வேண்டும், ஆள் குறைந்தாலும் குறையாது. நான் அந்த முழங்கால் சங்கிலியை மேலிருந்து கீழே தேடி, வருகிறேன் என்றவர்கள் என்னையும் சேர்த்து 24 பேர் என்று எண்ணினேன். அதுபோக ஐந்து பேர் "வர முயற்சி செய்கிறேன்" என்று எழுதியிருந்தார்கள். அவர்களையும் நம்பிச் சேர்த்து 29 என்று சொன்னேன். நலம் விசாரிப்புகளுக்கு இடையே "அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள், சனிக்கிழமை பார்ப்போம்" என்று எழுதியிருந்த இரண்டு பேரைக் கோட்டைவிட்டிருந்தேன். அவர்கள் வந்தார்கள். முயற்சி செய்தவர்களில் ஒருவரும் வரவில்லை. 26 பேர் சாப்பிட்டோம், 29 தட்டுக்குப் பணம் கட்டினேன்.

அதனால் உங்கள் பதிலில் முயற்சி என்ற சொல்லே வேண்டாம். பத்திரிகை வைக்க வந்தவரிடம் முகத்துக்கு நேராக வர முடியாது என்று சொல்ல நமக்கு நாக்கு வராது. "பார்க்கலாம், கண்டிப்பா முயற்சி பண்றேன்" என்போம். வீட்டு வாசலில் நின்று சொல்லும்போது, கேட்பவர் நம் குரலை வைத்தே புரிந்துகொண்டு ஓர் இலையைக் குறைத்துவிடுவார். மின்னஞ்சலில் குரல் இல்லை. எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டு அவர் தட்டுக்குச் சொல்லிவிடுவார்.

இப்படி எழுதினால் போதும்:

"அழைப்பைப் பார்த்தேன், ரொம்ப சந்தோஷம். என்னால் வர முடியாது, மறுநாள் காலை மகளுக்குத் தேர்வு. சாப்பாட்டுக் கணக்கில் என்னைச் சேர்க்காதே. மண்டபம் மாதிரி பொதுச் செலவு இருந்தால் என் பங்கைச் சொல், அனுப்பிவிடுகிறேன். யாராவது கேட்டால் நான் வரவில்லை என்று நீயே சொல்லிவிடு."

கடைசி வரிதான் உங்கள் பயத்துக்கு மருந்து. கண்டுகொள்ளவில்லை என்று யாரும் நினைப்பதற்கு முன் அவர்கள் கேட்கப்போவது ஏற்பாடு செய்கிறவரைத்தான். அவரிடம் பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்களை நிஜமாகவே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று பேருக்குத் தனியாகப் போன் செய்துவிடுங்கள். எல்லோருக்குமான அந்த அன்பை, கூடல் முடிந்து புகைப்படங்கள் வந்த பிறகு அனுப்புங்கள். யார் தலை நரைத்திருக்கிறது, யார் அப்படியே இருக்கிறார் என்று எழுத அப்போது உங்களிடம் விஷயமும் இருக்கும்.

எல்லோருக்கும் சொல்லியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. ஐந்தாறு பேர் சேர்ந்து எந்தத் தேதி என்று பேசிக்கொண்டிருந்தால், உங்கள் "முடியாது" அவர்கள் ஒவ்வொருவர் முடிவையும் மாற்றும். அங்கே ஒருவருக்கு மட்டும் சொன்னால் அவர் உங்களுக்கு எழுத்தராக வேலை பார்க்க வேண்டிவரும். அழைத்தவரே எல்லோருக்கும் பதில் போடுங்கள் என்று கேட்டிருந்தாலும் அப்படித்தான். அப்புறம், உங்களை நம்பி ஒருவர் இருந்தால்: கோவையிலிருந்து உங்கள் காரில் மூன்று பேர் வருவதாக ஏற்பாடு என்றால், அந்த மூன்று பேருக்கும் சொல்ல வேண்டும், மீதிப் பேருக்கு வேண்டாம். என் வராமையால் யாருடைய திட்டம் மாறுகிறது என்று கேட்டுக்கொண்டால் யார் பெயர் இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

சரி, அழைத்தவருக்கு மட்டும் என்று முடிவு செய்தாயிற்று. அதைக் கருவி ஒத்துக்கொள்கிறதா என்றும் பார்க்க வேண்டும். Reply என்பதை அழுத்தினால் ஒருவருக்குத்தான் போகும் என்று நாம் நம்புகிறோம். அழைப்பு, வகுப்புக்கென்று உருவாக்கிய குழு முகவரி வழியாக வந்திருந்தால், பதில் போக வேண்டிய இடமாக அந்தக் குழுவையே அமைத்திருப்பது உண்டு. அப்போது வெறும் Reply-யும் எல்லோருக்கும் போய்விடும். ஜிமெயிலில் Default reply behavior என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் Reply all என்று யாராவது எப்போதாவது மாற்றி வைத்திருந்தால் முதலில் நிற்பது அந்தப் பொத்தான்தான். ஆகவே பொத்தானை நம்பாமல், அனுப்பும் முன் To வரியை விரித்துப் பாருங்கள். ஒரே ஒரு பெயர், அதுவும் மனிதர் பெயராக இருக்க வேண்டும். அதே அமைப்புகளில் Undo Send-ஐ 30 நொடிக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், நான் பலமுறை பிழைத்திருக்கிறேன்.

அழைப்பு நாட்காட்டி வடிவில் Yes, No, Maybe என்ற பொத்தான்களோடு வந்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. No-வை அழுத்தினால் பதில் அழைத்தவருக்குத்தான் போகிறது. இந்த நாட்காட்டி அழைப்புகளுக்கான பொது விதிகளை 1998-ல் எழுதியவர்கள் இந்தக் கேள்வியை நமக்கு முன்பே யோசித்துத் தீர்த்துவிட்டார்கள். No-வை அழுத்திய கையோடு எல்லோருக்கும் ஒரு கடிதமும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விதி எழுத யாராலும் முடியாது.

ஒருவேளை தவறி எல்லோருக்கும் போய்விட்டால் விட்டுவிடுங்கள். "மன்னிக்கவும், தவறுதலாக அனுப்பிவிட்டேன்" என்று இன்னொன்றை எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். 2016 நவம்பரில் பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் ஒரு சோதனை மின்னஞ்சல் சுமார் 8,40,000 கணக்குகளுக்குப் போய்விட்டது. அவர்களுடைய அஞ்சல் அமைப்பே திணறியதற்கு அந்த ஒன்று மட்டும் காரணம் இல்லை. என்னை இதிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று பலர் எல்லோருக்குமாகப் பதில் போட்டதுதான் அதைப் பெருக்கியது. உங்கள் 46 பேரில் அவ்வளவு நடக்காது. ஆனால் ஒரு மன்னிப்புக்கு பத்து "பரவாயில்லை" வரும்.

மகள் நன்றாக எழுதட்டும். நண்பருக்கு இன்று இரவுக்குள் எழுதிவிடுங்கள், அவர் இன்னும் சமையல்காரரிடம் பேசியிருக்க மாட்டார்.

அன்புடன்