கேள்வி பதில்: ரெப்போ வட்டி ஏறினால் விலைவாசி ஏன் அடங்க வேண்டும்?

ஒரு வங்கியின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி செய்த வட்டி உயர்வை முன்வைத்துப் பதிலளிக்கிறார்.

கேள்வி (கல்லூரி மாணவி, மதுரை): ரிசர்வ் வங்கி மும்பையில் வட்டியை ஏற்றினால் எங்கள் தெருக் கடையில் விலை எப்படிங்க இறங்கும்?

விலை இறங்காது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். ஏறுகிற வேகம் குறைய வேண்டும் என்பதுதான் நோக்கம். 2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதத்தைத் தொட்டது. சட்டப்படி ரிசர்வ் வங்கிக்கு வகுக்கப்பட்ட இலக்கோ 4 சதவீதம், மேல் வரம்பு 6. அந்த மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி, ஆறு முறை உயர்த்தப்பட்டு, அடுத்த பிப்ரவரியில் 6.5 ஆனது.

ரெப்போ என்பது வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் வட்டி. 2019 அக்டோபர் முதல் புதிய மிதக்கும் வட்டி வீட்டுக் கடன்களும் சிறுதொழில் கடன்களும் இதுபோன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டப்பட்டுள்ளன; பெரும்பாலான வங்கிகள் ரெப்போவையே தேர்ந்தெடுத்தன. ஆகவே ரெப்போ ஏறினால் மூன்று மாதத்துக்குள் கடன்தாரரின் வட்டியும் ஏறியாக வேண்டும். தவணைக்குக் கூடுதலாகப் போகும் பணம் கடைக்கு வராது. புதிதாகக் கடன் வாங்கி வீடோ வண்டியோ வாங்க நினைத்தவர் தள்ளிப்போடுவார். வாங்க வருபவர் குறையும்போது விற்பவர் நினைத்தபடி விலையை ஏற்ற முடியாமல் போகிறது.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர், கோவை): எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. அந்த ஒன்பது மாதமும் என் தவணை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அப்படியென்றால் இந்த உயர்வு என்னைத் தொடவில்லைதானே?

உங்களைத்தான் அதிகமாகத் தொட்டிருக்கிறது. பாஸ்புத்தகத்தை விட்டுவிட்டு, கடன் கணக்கின் அறிக்கையை எடுத்து அசல், வட்டி என்ற இரண்டு பத்திகளைப் பாருங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 30 லட்சம் ரூபாய், 20 ஆண்டு, 7 சதவீதம் என்றால் மாதத் தவணை 23,259 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 17,500 வட்டிக்கும் 5,759 அசலுக்கும் போகும். ஓராண்டு முடிவில் நிலுவை ஏறத்தாழ 29 லட்சத்து 28 ஆயிரம். புரிவதற்காக, உயர்வு முழுவதும் அன்றைக்கே வந்து வட்டி 9.5 சதவீதம் ஆனதாக வைத்துக்கொள்வோம். அந்த மாத வட்டி மட்டும் 23,185 ரூபாய். தவணையை மாற்றாமல் விட்டால் அசலில் கழிவது 74 ரூபாய். அந்தக் கணக்கில் கடன் முடிய இன்னும் 60 ஆண்டுக்கு மேலாகும். மீதமுள்ள 19 ஆண்டிலேயே முடிக்க வேண்டுமானால் தவணை ஏறத்தாழ 27,800 ஆக வேண்டும், அதாவது மாதம் 4,500 ரூபாய்க்குச் சற்று அதிகம்.

பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டின. அறுபது வயதில் கடன் முடியும் என்று நம்பியிருந்தவர்கள், அது ஓய்வுக் காலத்துக்குள் நீண்டுவிட்டதைப் பிறகுதான் அறிந்தார்கள். இதை இன்றும் என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரிடமே கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில்தான் அறிவுறுத்தியது.

இதில் விலைவாசிக்கும் ஒரு சங்கதி உண்டு. உங்கள் கையிலிருந்து அந்த 4,500 ரூபாய் போகாதபோது உங்கள் செலவும் குறையவில்லை. வட்டி உயர்வு செலவைக் குறைப்பதன் மூலம்தான் வேலை செய்கிறது என்றால், காலம் நீட்டப்பட்ட ஒவ்வொரு கடனிலும் அந்த மருந்தின் வீரியம் குறைந்துபோகிறது.

கேள்வி (பனியன் உற்பத்தியாளர், திருப்பூர்): வட்டி ஏறினால் என் செலவு ஏறும், நான் விலையை ஏற்றுவேன். அப்போது வட்டி உயர்வே விலைவாசியை ஏற்றுகிறது, நீங்கள் சொல்வதற்கு நேர்மாறு.

பாதி சரி. தொழில் நடத்த வங்கி தரும் கேஷ் கிரெடிட் கடனில் உங்கள் வரம்பு 40 லட்சம், அதை முழுதும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இரண்டரை சதவீத உயர்வால் ஆண்டுக்கு ஒரு லட்சம் கூடுதல். ஆண்டு விற்பனை 4 கோடி என்றால் அது நூறு ரூபாய்ச் சரக்குக்கு 25 காசு. நூல் விலை ஏறும்போது உங்களுக்கு வரும் சுமையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மேலும், செலவு ஏறிவிட்டது என்பதாலேயே விலையை ஏற்றிவிட முடியாது. ஆர்டர் கொடுப்பவர் ஏற்க வேண்டும். அவரும் கடனில் சரக்கு எடுப்பவராக இருந்தால், குறைவாக எடுப்பார், பேரமும் பேசுவார். கடனை மிகுதியாக நம்பியிருக்கும், விற்பனை மெதுவாக நகரும் தொழில்களில் மட்டும் நீங்கள் சொல்லும் விளைவு சில மாதங்களுக்கு மேலோங்கக்கூடும்.

கேள்வி (ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்): ஐயா, வட்டி ஏறியிருந்த நேரத்தில் எஃப்டி எந்த வங்கியில் போட்டிருந்தால் லாபம்?

வங்கியின் பெயர் சொல்வது இந்தப் பகுதியின் வேலை அல்ல, ஐயா. ஆனால் உங்கள் கேள்வியும் இதே சங்கிலியின் ஒரு கண்ணிதான். விலைவாசி 7 சதவீதம் ஏறும்போது வைப்புக்கு 5 சதவீதம் கிடைத்தால், பணத்தைப் போட்டு வைப்பதைவிட இன்றே பொருளாக வாங்குவது மேல் என்று தோன்றும். வைப்பு வட்டி ஏறினால் காத்திருப்பதற்குக் கூலி கிடைக்கிறது. ஒரு குறை என்னவென்றால், வங்கிகள் கடன் வட்டியை ஏற்றிய வேகத்தில் வைப்பு வட்டியை ஏற்றவில்லை.

கேள்வி (காய்கறி வியாபாரி, ஒட்டன்சத்திரம்): வட்டியை ஏற்றினால் தக்காளி விளையுமா?

விளையாது. அதனால்தான் 2023 ஜூலையில் முக்கியமாகத் தக்காளியும் பிற காய்கறிகளும் பணவீக்கத்தை 7.44 சதவீதத்துக்குத் தூக்கியபோதும், ஆகஸ்ட் கூட்டத்தில் ரிசர்வ் வங்கி வட்டியை 6.5 சதவீதத்திலேயே வைத்தது. புதுச் சரக்கு வந்ததும் செப்டம்பரில் பணவீக்கம் 5.02 ஆகிவிட்டது. ரிசர்வ் வங்கி கவலைப்படுவது அடுத்த படியைப் பற்றி: காய்கறி விலை நீடித்து, அதைச் சொல்லி வேலையாள் கூலி கேட்டு, வண்டிக்காரர் வாடகையை ஏற்றி, உணவகம் சாப்பாட்டு விலையை மாற்றிவிட்டால், தக்காளி இறங்கிய பின்னும் அவை இறங்குவதில்லை. அந்தப் பரவலைத் தடுக்க மட்டுமே வட்டியால் முடியும்.

கேள்வி (பொருளியல் விரிவுரையாளர், சென்னை): உணவும் எரிபொருளும் நீங்கலான பணவீக்கம் 2022 முழுவதும் ஏறத்தாழ 6 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது; 2023 இறுதியில்தான் 4க்குக் கீழே வந்தது. அதே காலத்தில் கச்சா எண்ணெயும் உலகச் சரக்கு விலைகளும் தணிந்தன. இறக்கத்தில் வட்டிக்குரிய பங்கை எப்படிப் பிரிப்பீர்கள்?

என்னால் துல்லியமாகப் பிரிக்க முடியாது. யாராவது ஒரே எண்ணைச் சொன்னால் அதை ஐயத்தோடுதான் பார்ப்பேன். வட்டி உயர்வின் முழு விளைவு வர ஓராண்டுக்கு மேல் பிடிக்கும் என்பதோடு நீங்கள் சொல்லும் காலவரிசை பொருந்துகிறது. ஆனால் இடுபொருள் விலை இறங்கியதால் வரும் தணிவும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் வரும்.

நான் தேடும் தடயம் ஒன்று உண்டு. சரக்கு விலை மட்டுமே காரணம் என்றால் பொருள்களின் விலையேற்றம் தணியும். முடிதிருத்தகம், டியூஷன், வீட்டு வாடகை போன்ற சேவைகளில் அவ்வளவாகத் தணியாது. தேவை குறைந்திருந்தால் சேவைகளிலும் தணியும். 2023-24இல் இரண்டிலும் தணிவு தெரிந்தது என்பதால் வட்டிக்கும் பங்கு உண்டு என்று கருதுகிறேன். ஆனால் அதே ஆண்டு பொருளாதாரம் வேகமாக வளர்ந்தது என்பது என் வாதத்துக்கு எதிராக நிற்கிறது. அதற்கு நிறைவான விடை என்னிடம் இல்லை; உங்கள் கணிப்பு இருந்தால் எழுதுங்கள்.