ஐஆர்ஆர் 23.4, எம்ஐஆர்ஆர் 17.1: எதை நம்புவது?

"கிருஷ்ணகிரியில் மாங்கூழ் இயந்திரத்துக்கு 10 லட்சம் போடுகிறேன். மூன்று வருடமும் வருடக் கடைசியில் 5 லட்சம் வரும். எக்செலில் ஐஆர்ஆர் 23.4%, எம்ஐஆர்ஆர் 17.1%. ஏன் இந்த வித்தியாசம்?"

போட்ட பணம் வருடத்துக்கு எத்தனை சதவீதம் வருமானம் தருகிறது என்பதைத்தான் இரண்டும் சொல்கின்றன; இரண்டு கணக்கும் சரிதான். முதல் வருடம் கைக்கு வரும் 5 லட்சம் அடுத்த இரண்டு வருடம் எங்கே இருக்கும் என்பதில்தான் வித்தியாசம். ஐஆர்ஆர் சொல்வதுபோல் போட்ட 10 லட்சம் மூன்று வருடமும் 23.4% வளர்ந்தால் கடைசியில் 18.78 லட்சம் ஆக வேண்டும். அதற்கு வந்த பணமும் 23.4 சதவீதத்திலேயே வளர வேண்டும். மாம்பழ சீசன் முடிந்தபின் அந்த வட்டி யார் தருவார்கள்?

எம்ஐஆர்ஆருக்கு A1 முதல் A4 வரை -10, 5, 5, 5 என்று வைத்து நீங்கள் இப்படிப் போட்டிருப்பீர்கள்:

```
=MIRR(A1:A4,11%,7%)
```

கடைசி 7% தான் மறுமுதலீட்டு விகிதம். வைப்பு நிதியில் 7% கிடைத்தால் முதல் 5 லட்சம் 5.72 ஆகும், அடுத்தது 5.35, கடைசியது அப்படியே 5. மொத்தம் 16.07 லட்சம். 10 லட்சம் மூன்று வருடத்தில் 16.07 லட்சமாக வளர்ந்தால், அது வருடத்துக்கு 17.1%.

நடுவில் உள்ள 11% கடன் வட்டி. தொடக்கத்தில் போடும் 10 லட்சத்துக்குப் பிறகு செலவு எதுவும் இல்லாததால் அதை மாற்றினாலும் விடை மாறாது.

ஆனால் வரும் பணத்தில் 11% கடனை அடைக்கப் போகிறீர்கள் என்றால், 7%க்குப் பதில் அங்கேயும் 11% போடுங்கள். மிச்சமாகும் வட்டிதான் அப்போது உங்கள் வருமானம்.