மேல் முதல் மோலார் மெழுகில் செதுக்கும்போது நாலு கஸ்பும் ஒரே அளவில் வருவது ஏன்?

கேள்வி: கேஎல்-இல் பல் மருத்துவம் முதல் ஆண்டு படிக்கிறேன். 16-ஆம் பல்லை மெழுகில் செதுக்கினால் நாலு கஸ்பும் ஒரே மாதிரி வருகின்றன, நடுவில் கூட்டல் குறி போட்டது போல் குரூவ் விழுகிறது. எங்கே தவறு, அக்கா?

பதில்:

தம்பி, நான் இங்கே கேஎல்-இல் முதலாண்டு மாணவர்களுக்கு லேபில் செதுக்கல் சொல்லிக்கொடுக்கிறேன். கூட்டல் குறி விழுகிறது என்றால் கத்தி மேல்பரப்பைத் தொடுவதற்கு முன்பே பிசகு நடந்துவிட்டது. சதுரமான கட்டையில் வேறு மாதிரி குரூவ் போட இடமே இருக்காது.

இரட்டை அளவில் செதுக்குகிறாய் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பல்லில் கிரவுன் மீசியோடிஸ்டலாக சுமார் 10 மி.மீ., பக்கலிலிருந்து பாலட்டல் வரை 11 மி.மீ., உயரம் 7.5 மி.மீ. ஆக உன் கட்டையில் 20, 22, 15. மேலிருந்து பார்த்தால் வடிவம் சாய்சதுரமாக இருக்க வேண்டும். மீசியோபக்கல் மூலையும் டிஸ்டோபாலட்டல் மூலையும் கூர்கோணம், மற்ற இரண்டும் விரிகோணம். இதைக் கட்டையின் தலையில் பென்சிலால் வரைந்து, அந்தச் சாய்வை முதலில் வெட்டிக் கொண்டுவா.

அப்புறம் கஸ்ப் நுனிகளைக் குறி. பாலட்டல் பக்கத்து அகலத்தில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு மீசியோபாலட்டல் கஸ்புக்கு, மீதி டிஸ்டோபாலட்டலுக்கு. 20 மி.மீ.-இல் இது 12-ம் 8-ம். அதனால் பாலட்டல் குரூவ் நடுக்கோட்டிலிருந்து 2 மி.மீ. டிஸ்டலாகத் தள்ளி விழும். பக்கல் பக்கத்தில் மீசியோபக்கல் சற்றே அகலம், அவ்வளவுதான். பெரிதிலிருந்து சிறிதுக்கு வரிசை: மீசியோபாலட்டல், மீசியோபக்கல், டிஸ்டோபக்கல், டிஸ்டோபாலட்டல்.

நுனிகளை ஓரத்தில் வைத்துவிடாதே. பல மாணவர்களிடம் பார்க்கிற பிழை இது. பக்கல் நுனிக்கும் பாலட்டல் நுனிக்கும் இடைப்பட்ட தூரம் மொத்த அகலத்தில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். 22-இல் ஏறத்தாழ 12 மி.மீ. வை, இருபுறமும் ஐந்தைந்து மிஞ்சும். நுனி ஓரத்துக்குப் போனால் மேல்பரப்பு அகன்று, பல் பெட்டி மாதிரி தெரியும்.

சரி, இப்போது ரிட்ஜ். குரூவை வரையாதே, ரிட்ஜை நிறுத்து. பல்லை பக்கல் மேலே இருக்கும்படி பிடித்தால் 16-இல் மீசியல் உன் வலப்பக்கம் வரும். வலது கீழ் மூலையிலிருக்கும் மீசியோபாலட்டல் கஸ்பிலிருந்து இடது மேல் மூலையிலிருக்கும் டிஸ்டோபக்கல் கஸ்புக்கு ஓடுவதுதான் ஒப்ளிக் ரிட்ஜ். அந்த விரிகோண மூலைகள் இரண்டையும் இணைக்கிற கோடு அது. நடுவில் தாழ்ந்து, கிட்டத்தட்ட மார்ஜினல் ரிட்ஜ் உயரத்துக்கு இறங்கி, மறுபடி ஏறும். சென்ட்ரல் குரூவ் மீசியல் பக்கத்திலிருந்து வந்து சென்ட்ரல் பிட்டோடு நிற்க வேண்டும், ரிட்ஜை ஆழமாக அறுத்துக்கொண்டு போகக் கூடாது. அங்கிருந்து பக்கல் குரூவ் இரண்டு பக்கல் கஸ்புக்கும் நடுவில் வெளியே போகும். ரிட்ஜுக்கு அந்தப் பக்கம், அதற்கு இணையாக ஓடி பாலட்டலில் இறங்குவது டிஸ்டல் ஒப்ளிக் குரூவ். இரண்டு குரூவ் கூட்டத்துக்கும் நடுவே ரிட்ஜ் நிற்பதால் கூட்டல் குறிக்கே இடமில்லை.

லெக்ரான் கத்தியின் நுனியால் கோடு கீறினால் அது குரூவ் ஆகாது. இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் வாய்க்கால்தான் குரூவ். கத்தியின் தட்டைப் பக்கத்தைச் சரிவில் படியவைத்து, கஸ்ப் நுனியிலிருந்து கீழ்நோக்கி இழு. எதிர்ச் சரிவையும் அப்படியே இழுத்தால் குரூவ் தானாக விழும். சரிபார்க்க மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வை. ஒரு சரிவு வெளிச்சமாகவும் அடுத்தது நிழலாகவும் இருந்தால் சரி. இருபுறமும் ஒரே வெளிச்சம், நடுவில் நூல் மாதிரி கறுப்புக் கோடு என்றால் கீறியிருக்கிறாய்.

நம் லேப் ஏர்கோனில் மெழுகு இறுகிப்போகும். சீவல் சுருளாமல் துகளாகத் தெறித்தால் கட்டையை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்திவை, இல்லாவிட்டால் முதலில் உடைவது டிஸ்டோபாலட்டல் கஸ்ப்தான். மாறாக, கத்தியில் ஒட்டினால் குளிர்ந்த நீரில் முக்கி எடு.

ஒப்ளிக் ரிட்ஜ் அறுந்துபோனால், பயிற்சியில் சூடான கருவியால் அடிப்பரப்பை இளக்கி, அதன் மேல் ஒரு சொட்டு மெழுகு விட்டு மறுபடி செதுக்கலாம். அடியை இளக்காமல் சொட்டு விட்டால் அடுத்த இழுப்பிலேயே பெயர்ந்து வரும். தேர்வில் மெழுகு சேர்க்க விடுவார்களா என்று உன் ஆசிரியரிடம் முன்பே கேட்டுக்கொள்.