தூங்கவைத்துச் செய்வார்கள் என்று அம்மாவிடம் சொன்னது யார்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 73. அடுத்த மாதம் வலது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை. ஊசி என்றாலே நடுங்குவார். கண்ணில் சொட்டு மருந்து விட்டாலும் இமையை இறுக்கிக்கொள்வார். சொட்டு மருந்திலேயே செய்துவிடலாம், தேவைப்பட்டால் ஊசி போடலாம் என்கிறார் மருத்துவர். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. பயப்படக்கூடாது என்று, "தூங்கவைத்துத்தான் செய்வார்கள், ஒன்றும் தெரியாது" எனச் சொல்லிவைத்திருக்கிறேன். அன்று எனக்கு வேலை இருக்கிறது, பணிப்பெண் உடன் போவார். சொட்டு மருந்து, ஊசி இரண்டில் எது வலிக்காது? பயத்தைக் குறைக்க என்ன வழி?
– ஒரு வாசகர், ஈசூன்

பதில்: தம்பி, சொட்டு மருந்தும் ஊசியும் கொஞ்சம் காத்திருக்கட்டும். அம்மாவிடம் சொன்ன பொய்யை முதலில் திரும்பப் பெறுங்கள். இன்று இரவே.

உங்கள் அம்மா தூங்கப்போவதில்லை. கண்புரை அறுவை சிகிச்சை பெரும்பாலும் விழித்திருக்கும்போதே நடப்பது. பதற்றம் தணிய, கையில் ஏற்றும் ஊசி வழியாகச் சிலருக்குச் சிறிது மருந்து கொடுப்பார்கள். அதையும் அளந்துதான் கொடுப்பார்கள். நன்றாக உறங்கிப்போனவர் நடுவில் திடுக்கிட்டு விழித்தால் முதலில் அசைவது தலைதான். அந்த நேரத்தில் கண்ணுக்குள் கருவி இருக்கும்.

கண் அறுவை அரங்கில் தாதியாக நின்ற காலத்தில், இதே பொய்யோடு அனுப்பப்பட்ட பாட்டி ஒருவரைப் பார்த்தேன். "கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், தூங்கிக்கொண்டிருப்பீர்கள்" என்று மகன் சொல்லியிருந்தார். சொட்டு மருந்து நன்றாகவே வேலை செய்தது, வலி இல்லை. ஆனால் பாட்டிக்கு வெளிச்சம் தெரிந்தது, தண்ணீர் ஓடுவது தெரிந்தது, தலைக்கு மேல் யாரோ பேசுவது கேட்டது. தனக்கு மட்டும் மருந்து ஏறவில்லை, விழித்திருப்பது தெரியாமல் அறுக்கிறார்கள் என்று அவர் முடிவு செய்துவிட்டார். துணிக்கு அடியிலிருந்து வலது கை எழுந்து முகத்துக்கு வந்தது. அறுவை மருத்துவர் கருவியை வெளியே எடுத்தார். கிருமி நீக்கிய துணிகளை எல்லாம் மாற்றினோம். தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் என்னை அழைத்தார்கள். பாட்டி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நான் முழித்திருக்கிறேன் என்று டாக்டருக்குத் தெரியுமா?" தெரியும், எல்லாரும் இப்படித்தான் படுத்திருப்பார்கள் என்றேன். அதன்பிறகு கண்ணைச் சுற்றி ஊசி மருந்தும் கொடுத்து, அறுவையை நல்லபடியாக முடித்தார்கள். கை எழுந்த நொடியில் கருவி சற்று ஆழத்தில் இருந்திருந்தால் கதை வேறு. புரையை எடுத்த பிறகு மிஞ்சும் பின்புறப் பைச்சவ்வு தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அது கிழிந்தால் கண்ணின் உள்ளிருக்கும் கூழ் முன்னால் வந்துவிடும், சிறிய அறுவை பெரிய அறுவையாகிவிடும்.

அம்மாவின் பயத்தைக் குறைக்க நினைத்து நீங்கள் செய்தது இதுதான். ஊசி போட்டாலும் உங்கள் பொய் நிற்காது. ஊசி மருந்தில் பார்வை மங்கும், சிலருக்கு இருட்டாகவும் ஆகும். பலருக்கு அப்போதும் வெளிச்சமும் நிறங்களும் தெரிந்துகொண்டுதான் இருக்கும். சிங்கப்பூர்க் கண் மருத்துவர்கள் இந்தக் காட்சிகளைப் பற்றியே ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்களோடு சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வில், இப்படியெல்லாம் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பப்பட்டவர்கள் அரங்கில் குறைவாகவே பயந்தார்கள்.

ஆகவே சொல்லுங்கள், உள்ளதை உள்ளபடி. சொட்டு மருந்து விழுந்ததும் சில நொடிகள் எரியும், பிறகு கண் மரத்துப்போகும். சில நிமிட இடைவெளியில் மறுபடியும் விடுவார்கள். பழுப்பு நிற அயோடினால் கண்ணையும் இமையையும் கழுவுவார்கள். முகத்தை ஒரு துணி மூடும். அதன் அடியில் காற்று வந்துகொண்டிருக்கும். இமையைத் திறந்து பிடிக்க ஒரு சிறு கம்பி வைப்பார்கள். "நான் கண் சிமிட்டிவிட்டால்?" என்று கேட்காத நோயாளி இல்லை. அந்தக் கம்பி இருப்பதால் சிமிட்டவே முடியாது, அந்தக் கவலையை அங்கேயே விட்டுவிடலாம். நுண்ணோக்கியின் விளக்கு முதலில் கூசும். பிறகு அது கரைந்து இளஞ்சிவப்பும் நீலமுமாக நகரும். கத்தி கண்ணை நோக்கி வருவது தெரியுமோ என்று பயப்படுவார்கள். பெரும்பாலோர் பார்ப்பது ஒளியும் நிழலும்தான். குளிர்ந்த நீர் ஓடும். புரையை உடைக்கும் இயந்திரம் ஸ்ருதி மாறி மாறி ரீங்கரிக்கும். அந்தச் சத்தம் ஏறினால் ஏதோ கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. உள்ளே நீர் நிரம்பும்போதும் செயற்கை வில்லையை வைக்கும்போதும் கண்ணுக்குள் ஓர் அழுத்தம், சிலருக்குக் கடுப்பு. சொட்டு மருந்து கண்ணின் மேற்பரப்பைத்தான் நன்றாக மரக்கச் செய்யும், உள்ளே இருக்கும் கருவிழித்திரையை அந்த அளவுக்கு எட்டாது. அதனால்தான் பல மருத்துவர்கள் கண்ணுக்குள்ளேயும் சிறிது மருந்து செலுத்துவார்கள். வலித்தால் வாயால் சொல்ல வேண்டும்; கூடுதல் மருந்து கொடுக்கும் வழி எப்போதும் உண்டு. சிக்கல் இல்லாத கண்ணுக்கு இவ்வளவும் பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும்.

ஊசி என்பது கண்மணியில் குத்துவது அல்ல. இதை அம்மாவிடம் நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டும். ஒரு முறையில், கீழ் இமைக்கு அருகே மெல்லிய ஊசியை விழிக்கோளத்துக்குப் பக்கத்தில் செலுத்துவார்கள். பல் மருத்துவர் போடும் ஊசி அளவுக்குச் சில நொடிகள் வலிக்கும், பிறகு கண் உப்பினாற்போல் இறுக்கம். 5 முதல் 10 நிமிடங்களில் கண் அசையாது, இமை தூக்காது. இன்னொரு முறையில் கூர்மையான ஊசியே இல்லை. சொட்டு மருந்தால் மரக்கச் செய்துவிட்டு, வெண்விழியின் மேல்தோலில் நூலிழை அளவு வெட்டி, முனை மழுங்கிய வளைந்த குழாய் வழியாக மருந்தை விடுவார்கள். இதில் அழுத்தம்தான் பெரிதாகத் தெரியும். மறுநாள் வெண்விழி ரத்தச் சிவப்பாக இருந்தால் அலறவேண்டாம், தானாக வடியும்.

எது வலிக்காது என்று கேட்டீர்கள். ஊசியில் நோவு முன்னால் வந்து போய்விடும், பிறகு அறுவையின்போது நிம்மதி. சொட்டில் முன்னால் குத்தல் இல்லை, நடுவில் கொஞ்சம் உணர்வு இருக்கும். ஆனால் உங்கள் அம்மாவுக்கு முக்கியமான கேள்வி வேறு: அசையாமல், சொன்ன பக்கம் பார்க்க அவரால் முடியுமா? சொட்டு மருந்தில் கண்ணின் தசைகள் மரப்பதில்லை. "விளக்கைப் பாருங்கள்" என்றால் பார்த்தபடி இருக்க வேண்டும். இமையை இறுக்குபவருக்கு, அந்த இறுக்கமே கண்ணை அழுத்தும். அந்தப் பழக்கத்தை எனக்கு எழுதியிருக்கிறீர்கள், மருத்துவரிடம் சொன்னீர்களா? ஆங்கிலம் தெரியாது என்பதையும் சொன்னீர்களா? நீங்கள் விவரித்த அளவில், மழுங்கிய குழாய் முறையைப் பற்றி மருத்துவரிடம் தீர விசாரிப்பது நல்லது என்பேன். அம்மா இளமையிலிருந்தே கனமான கிட்டப்பார்வைக் கண்ணாடி அணிந்தவராக இருந்தால் அதையும் நினைவூட்டுங்கள். அத்தகைய கண் நீளமானது, கூர் ஊசி விழிக்கோளத்தில் பட்டுவிடும் அபாயம் அதில் கூடுதல். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, மல்லாந்து படுத்தால் இருமுகிறாரா, காது மந்தமா என்பனவும் மருத்துவருக்குத் தெரியவேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தேர்வு மருத்துவருடையது, சம்மதம் அம்மாவுடையது. நடுவில் நீங்கள் மொழிபெயர்ப்பாளர் மட்டுமே.

இனி வீட்டுப் பயிற்சி. மல்லாந்து படுக்கவைத்து, முகத்தில் மெல்லிய துணி போட்டு, கூரையில் ஒரே இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் ஐந்து நிமிடம். நாளடைவில் அரை மணி. மூச்சை மெதுவாக விடச் சொல்லுங்கள். முதுகு வலிக்கிறதா, துணி மூச்சு முட்டச் செய்கிறதா, இருமல் வருகிறதா என்பதெல்லாம் உங்கள் வீட்டுக் கட்டிலில் தெரியட்டும், அரங்கில் வேண்டாம். முட்டுகிறது என்றால் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள், துணியைத் தூக்கிப் பிடிக்க ஏற்பாடு செய்வார்கள். லுக், லைட், டோன்ட் மூவ், பெயின், காஃப் என்ற ஐந்தையும் காதில் போட்டுவையுங்கள். இருமல் வந்தால் முதலில் "காஃப்" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கவேண்டும். கருவியை எடுத்தபிறகு இருமலாம். முகத்துக்குக் கை போகவே கூடாது. தமிழ் தெரிந்த தாதி அன்று இருப்பாரா, அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருக்க முடியுமா என்று இப்போதே தொலைபேசியில் கேளுங்கள். கையைப் பிடித்துக்கொண்டால் பதற்றம் குறைவதையும் ஆய்ந்து பார்த்திருக்கிறார்கள். எனக்கு ஆய்வே தேவைப்பட்டதில்லை, பிடித்த கை தளர்வதை நானே உணர்ந்திருக்கிறேன்.

பணிப்பெண்ணைக் குறைசொல்ல மாட்டேன். தினமும் உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். ஆனால் அரங்கின் வாசலில், "முன்பு சொன்ன சொட்டு மருந்து வேண்டாம், ஊசி போடலாமா?" என்று மருத்துவர் கேட்டால் அவர் எந்த மொழியில், யார் சார்பில் பதில் சொல்வார்? வயதான தாயை நம்மிடம் வைத்திருப்பது என்றால் ஒரே வீட்டில் உறங்குவது மட்டும் அல்ல. அன்று உங்களுக்கு இருப்பதாகச் சொல்லும் வேலை இதைவிடப் பெரியது என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஊசி போட்டிருந்தால் சில மணி நேரம் இமை தூக்காது, இரட்டையாகத் தெரியும், கண்ணில் கட்டு இருக்கும். கழிவறைக்குக் கைபிடித்து அழைத்துப்போக ஆள் வேண்டும். இரவில் வலி ஏறிக்கொண்டே போனாலோ வாந்தி வந்தாலோ, பார்வை குறைந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனை கொடுத்த எண்ணை அழைக்க வேண்டும்.

இடது கண்ணிலும் புரை இருந்தால், அதையும் செய்யும் நாள் வரும். முதல் கண்ணைவிட இரண்டாவது அதிகம் வலித்தது என்று பலர் சொல்வார்கள். மருத்துவர்கள் இதை நன்கு அறிவார்கள். முதல் முறை இருந்த பயம் குறைந்துபோவதால், நடப்பதெல்லாம் கூடுதலாகக் கவனத்துக்கு வருகிறது என்பது ஒரு விளக்கம். அதையும் அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள். விடுப்புக்கு எழுதும்போது அந்த நாளையும் சேர்த்தே கேளுங்கள்.