கலர்பிளைண்ட் மோடு இருந்தும் கட்டம் தெரியவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன கேம் செய்கிறோம். மிதிக்கக்கூடிய தரைக்கட்டம் பச்சை, மிதித்தால் வெடிப்பது சிவப்பு. கலர்பிளைண்ட் மோடு, சப்டைட்டில், பட்டன்களை மாற்றிக்கொள்ளும் வசதி மூன்றும் மெனுவில் உண்டு. ஆனால் சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத ஒருவர் ஆடிப் பார்த்துவிட்டு, மோடை ஆன் செய்தால் முன்பைவிட மோசமாக இருக்கிறது என்கிறார். எங்கே தவறு?

ம.

அன்புள்ள ம.,

‘முன்பைவிட மோசம்’ என்று அவர் சொன்னதே துப்பு. நிறக்குறைபாடு உள்ளவருக்குப் படம் எப்படித் தெரியும் என்று மற்றவர்களுக்குக் காட்டுவதற்காகவே எழுதப்பட்ட ஷேடர்கள், அதாவது திரையின் நிறங்களை மாற்றும் சிறு நிரல்கள், நிறையக் கிடைக்கின்றன. நீங்கள் போட்டிருப்பது அநேகமாக அதில் ஒன்று. அவர் கண் ஏற்கெனவே இழந்துவிட்ட வித்தியாசத்தை அது திரையிலும் அழித்துவிடுகிறது. மோடை ஆன் செய்து நீங்களே பாருங்கள். சிவப்பும் பச்சையும் உங்களுக்கும் மங்கிய மஞ்சள்பழுப்பாகக் கலந்து தெரிந்தால் சந்தேகமே இல்லை. அந்த ஷேடரைச் சோதனைக்கு வைத்துக்கொண்டு, மெனுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாகத் திருத்தும் ஃபில்டர் போடலாமா என்றால், நான் வேண்டாம் என்பேன். அது திரை முழுவதையும் மாற்றுகிறது. வானம், முகம், மரம் எல்லாம் நிறம் புரள்கின்றன. குறைபாட்டின் அளவும் ஆளுக்கு ஆள் வேறு. செய்தி சொல்லும் நிறங்களை மட்டும் மாற்றினால் போதும். உங்கள் கேமில் அவை இரண்டே இரண்டு.

கண்ணில் மூன்று வகைக் கூம்பு செல்கள் உள்ளன. பரவலாகக் காணப்படும் குறைபாட்டில், பச்சைப் பக்கத்து ஒளியை உணரும் வகை, கிட்டத்தட்ட சிவப்புப் பக்கத்து வகையைப்போலவே வேலை செய்கிறது, அல்லது இல்லாமலே போகிறது. அவருக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது நீலம்–மஞ்சள் வித்தியாசமும் வெளிச்ச வித்தியாசமும். சிவப்பு, பச்சை இரண்டின் வெளிச்சமும் ஒன்றாக இருந்துவிட்டால் பிடித்துக்கொள்ள அநேகமாக எதுவுமே இல்லை.

உங்கள் நிறக் குறியீடுகளை எழுதவில்லை. பலரும் எடுக்கும் சிவப்பு `#D32F2F`, பச்சை `#388E3C` என்று வைத்துக்கொள்வோம். இணைய அணுகல் வழிகாட்டியான `WCAG` தரும் சூத்திரப்படி இவற்றின் வெளிச்ச மாறுபாட்டு விகிதம் சுமார் 1.2. முற்றிலும் ஒரே வெளிச்சம் என்றால் 1; வடிவங்களுக்கு அந்த வழிகாட்டி கேட்பது குறைந்தது 3. வெடிக்கும் கட்டத்தை மஞ்சள் `#F0E442`, பாதுகாப்பான கட்டத்தை நீலம் `#0072B2` என்று மாற்றினால் விகிதம் சுமார் 3.9 ஆகிறது. நீலம்–மஞ்சள் குழம்பும் அரிய வகைக் குறைபாடு உள்ளவரும் இந்த வெளிச்ச வேறுபாட்டை வைத்தே பிரித்துவிடுவார்.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சூத்திரம் இயல்பான கண்ணை வைத்து எழுதப்பட்டது. சிவப்பை உணரும் செல்களில் குறை உள்ளவருக்குச் சிவப்பு இருண்டு தெரியும். கருப்புத் தரையில் இருக்கும் சிவப்பு எழுத்து, கணக்கு சரியாக வந்தாலும், காணாமலே போகலாம்.

நிறத்தோடு நிற்காமல் வெடிக்கும் கட்டத்தின்மேல் தடித்த பெருக்கல் குறி ஒன்றும் போடுங்கள். அதை மெனுவுக்குள் ஒளிக்காமல் எப்போதும் காட்டுங்கள். தனக்கு நிறக்குறைபாடு இருப்பதே தெரியாமல் ஆடுகிறவர்கள் உண்டு, அவர்கள் அந்த மெனுவைத் தேடப்போவதில்லை. குறி மெல்லியதாக இருந்தால் கேமரா பின்வாங்கும்போது கரைந்துவிடும், அதனால் மிகத் தொலைவான கோணத்தில் வைத்துச் சோதியுங்கள். விண்டோஸில் `Settings > Accessibility > Color filters` போய் `Grayscale` தேர்ந்தெடுத்து, ஒரு லெவல் முழுக்கக் கருப்பு வெள்ளையில் ஆடிப் பாருங்கள். எந்த இடத்தில் தயங்குகிறீர்களோ அங்கே நிறம் மட்டுமே செய்தியைச் சுமக்கிறது.

இதே கண்ணோடு மற்ற இரண்டையும் பாருங்கள். கட்டம் வெடிக்கும்முன் டிக் டிக் என்று சத்தம் வருமா? சப்டைட்டிலில் வசனம் மட்டும் வந்தால், காது கேட்காதவருக்கு அந்த எச்சரிக்கை போய்ச்சேராது. ‘[டிக் டிக், இடப்பக்கம்]’ என்று ஒலியையும் திசையையும் எழுதுங்கள். எழுத்துக்குப் பின்னால் கருமையான பட்டை வையுங்கள். வெளிச்சமான காட்சியில் வெள்ளை எழுத்து மறைந்துபோவது அதனால்தான் நிற்கும்.

பட்டன் மாற்றத்தில் வழக்கமாகச் சறுக்கும் இடம் திரைக்குறிப்பு. ஆட்டக்காரர் கதவு திறப்பதை `F`-க்கு மாற்றியிருப்பார், திரையோ இன்னும் `E`-யை அழுத்தச் சொல்லும். குறிப்பில் எழுத்தை நேராக அடித்து வைத்ததன் விளைவு இது. ‘கதவு திற’ என்ற செயலின் பெயரை வைத்து, அதற்கு இப்போது எந்தப் பட்டன் என்று அந்தக் கணத்தில் கேட்டுக் காட்டவேண்டும். அழுத்திப் பிடிக்கவேண்டிய இடங்களில், ஒருமுறை தட்டினால் ஆன், மறுமுறை தட்டினால் ஆஃப் என்ற தெரிவும் வேண்டும். விரலால் நீண்ட நேரம் அழுத்த முடியாதவருக்கு, எந்தப் பட்டனுக்கு மாற்றினாலும் அழுத்திப் பிடிப்பது அழுத்திப் பிடிப்பதுதான்.

முதலில் அந்த ஷேடரை எடுங்கள். புது நிறமும் குறியும் போட்டபின் அதே நண்பரிடம் கொடுங்கள். எந்தக் கட்டம் எது என்று சொல்லிவிடாமல் கொடுங்கள்.